காந்த ஸ்டாண்டில் வைத்த பிறகு வீடியோ நடுங்குகிறது: கேமராவையே மாற்ற வேண்டுமா?

தோவாளை பிச்சி

எல்லோருக்கும் வணக்கம். தோவாளையில் பூ வாங்கி வெளியூருக்கு அனுப்பும் வேலை பார்க்கிறேன். விடியும் முன்னே சந்தையில் நின்று பிச்சி, அரளி, சம்பங்கி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து திருவனந்தபுரம், கொல்லம் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அனுப்புவேன். மொட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, காம்பு வாடியிருக்கிறதா என்பதை அதில் பார்த்துத்தான் அவர்கள் விலை சொல்வார்கள். வீடியோ தெளிவாக இல்லையென்றால் எனக்கு நேரடி நஷ்டம்.

போன மாதம் தம்பி காரில் வைக்க ஒரு காந்த ஸ்டாண்டு வாங்கினான். அதோடு வந்த இரும்புத் தகட்டை என் போன் கவருக்குள் வைத்தான். கீழே வைத்தால் போன் தலை கனத்துச் சாய்கிறது என்று மேலே, கேமராவுக்குக் கீழே ஒட்டிவிட்டான். அன்றிலிருந்து வீடியோ சரியில்லை. அசையாமல் நின்று எடுத்தாலும் படம் மெல்ல நடுங்குகிறது. நடந்துகொண்டே எடுத்தால் ஓரங்கள் இழுபட்டு அலை மாதிரி வருகிறது. இருட்டில் எடுக்கும் போட்டோவும் மங்கல். பகலில் அவ்வளவு தெரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "உள்ளே லென்ஸ் கழன்று ஆடுது, கேமரா மாத்தணும், 6,500 ஆகும்" என்றார்கள். போன் கீழே விழவே இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

வடசேரி ஸ்டூடண்ட்

அக்கா, இது காந்தத்தால்தான். போனுக்குள் கைரோஸ்கோப் என்று ஒரு சென்சார் இருக்கிறது. போன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுதான் கேமராவுக்குச் சொல்லும். காந்தம் பட்டதும் அது குழம்பிவிடும். போனை எட்டு வடிவில் காற்றில் சுற்றுங்கள், காலிபிரேட் ஆகிவிடும். எனக்கு மேப்பில் அம்பு தப்பாகக் காட்டியபோது அப்படித்தான் சரியானது.

பேச்சிப்பாறை ரைடர்

எனக்கும் இதே பிரச்சினைதான். புல்லட் ஹேண்டில்பாரில் மவுண்ட் போட்டு குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு என்று ஓட்டி வீடியோ எடுப்பேன். என்னுடைய மவுண்டில் காந்தமே இல்லை, நான்கு மூலையும் பிடிக்கும் கிளாம்ப். இருந்தும் இப்போது கேமராவைத் திறந்தாலே படம் துடிக்கிறது, போனிலிருந்து 'ர்ர்ர்' என்று ஒரு சத்தமும் வருகிறது. அதனால் காந்தம்தான் காரணம் என்பதை நான் நம்பவில்லை. ரோடு அப்படி.

கோணம் சர்வீஸ்

போன் ரிப்பேர்தான் என் தொழில், அதனால் சொல்கிறேன். தங்கச்சி, இப்போதைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்தக் குலுக்கல் சோதனை. நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உள்ள கேமராவில் லென்ஸ் இறுக்கமாகத் திருகி வைத்திருக்காது. மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் மாதிரி தொங்கும். கேமரா அணைந்திருக்கும்போது அதைப் பிடித்து வைக்க மின்சாரம் கிடையாது, குலுக்கினால் லேசாகத் தட்டும் சத்தம் வரத்தான் செய்யும். நல்ல போனிலும் வரும். அதை வைத்து "கழன்றுவிட்டது" என்று சொல்வது சரியில்லை. கேமராவைத் திறந்து வைத்துக் குலுக்கினால் சத்தம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் லென்ஸைப் பிடிக்கும் பாகம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி மூன்று கேள்வி. நடுக்கம் 1x-இல் மட்டும் வருகிறதா, 0.5x-இலும் வருகிறதா? கவரையும் தகட்டையும் முழுக்க எடுத்துவிட்டு எப்போதாவது எடுத்துப் பார்த்தீர்களா? தகட்டின் மேல் விளிம்புக்கும் கேமராவுக்கும் எவ்வளவு இடைவெளி?

தோவாளை பிச்சி

அண்ணாச்சி, 0.5x-இல் எடுத்துப் பார்த்ததே இல்லை, அதில் பூ சின்னதாகத் தெரியும். தகட்டைக் கழற்றவில்லை, கவரோடுதான் கடையிலும் காட்டினேன். இடைவெளி ஒரு விரல் அகலம்கூட இல்லை. தகடு அட்டை மாதிரி நீளமானது, முனை கேமரா மேட்டைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது.

இன்னொன்று. வீட்டில் சந்தை வீடியோவை எடிட் பண்ணும்போது போனை அந்த ஸ்டாண்டிலேயே மேசையில் நிறுத்தி வைப்பேன். சந்தையில் நிற்கும்போது ஸ்டாண்டு இல்லை, தகடு மட்டும்தான். வெறும் இரும்புத் தகடு காந்தம் ஆகாதே?

குளச்சல் வள்ளம்

மக்கா, நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எனக்கும் காந்த ஸ்டாண்டு உண்டு, பைபர் வள்ளத்தில் பெட்டி மேலே ஒட்டியிருக்கிறேன். அதில் போனை வைத்தால் மேப்பில் வடக்கு எங்கேயோ காட்டுகிறது. எட்டு போட்டுச் சுற்றினால் சரியாகும், திரும்ப ஸ்டாண்டில் வைத்ததும் கெட்டுப்போகும். கேமராவும் இதனால்தான் கெடுகிறதா? எனக்கு வீடியோ முக்கியமில்லை, திசைதான் முக்கியம்.

கோணம் சர்வீஸ்

இவர் சொன்னதையும் வடசேரித் தம்பி சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிரியும்.

காந்தம் குழப்புவது திசைகாட்டியை. அது பூமியின் காந்தத்தை அளக்கும் சென்சார், பக்கத்தில் பலமான காந்தம் இருந்தால் தப்பாகத்தான் காட்டும். எட்டு போடுவது அதற்கான வைத்தியம். கைரோஸ்கோப் வேறு. போனில் இருக்கும் கைரோ ஒரு சிலிக்கான் சில்லில் செதுக்கிய நுண்ணிய அதிர்வுப் பாகம், போன் திரும்பும்போது அந்த அதிர்வில் வரும் மாற்றத்தை மின்னூட்டமாக அளக்கும். அதன் வேலைக்குக் காந்தம் தேவையில்லை. ஸ்டாண்டு காந்தத்தால் அது கெட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே தம்பி, காந்தத்தைச் சந்தேகப்பட்டது சரி, கைகாட்டிய சென்சார்தான் வேறு.

கேமராவில் காந்தம் எங்கே வருகிறது என்றால், லென்ஸை நகர்த்தும் இடத்தில். லென்ஸ் கூட்டைச் சுற்றிச் சின்னக் காந்தங்களும் கம்பிச் சுருள்களும் இருக்கும். சுருளில் மின்சாரம் போனால் லென்ஸ் அந்தப் பக்கம் நகரும். ஸ்பீக்கரில் காயில் நகர்வதும் இதே முறைதான். உங்கள் கை இடது பக்கம் ஆடினால் கைரோ அதைப் பிடித்துச் சொல்லும், சுருள் லென்ஸைத் தேவையான அளவு நகர்த்தி ஆட்டத்தை ஈடுகட்டும். லென்ஸ் உண்மையிலேயே அந்த இடத்துக்குப் போனதா என்று பார்க்க ஹால் சென்சார் என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அது அளப்பது காந்தத்தின் பலத்தை. லென்ஸ் காந்தம் கிட்டே வந்தால் அளவு கூடும், விலகினால் குறையும், அதை வைத்து லென்ஸ் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடும்.

வெளிக் காந்தம் ஒன்று பக்கத்தில் வந்தால் இரண்டு கெடுதல். ஒன்று, ஹால் சென்சாருக்கு லென்ஸ் இருக்கும் இடம் தப்பாகத் தெரியும். இன்னொன்று, லென்ஸ் கூடு ஒரு பக்கமாக இழுபட்டு, நகர இடம் குறைந்துபோகும். கைரோ சரியாகச் சொல்கிறது, லென்ஸ் தப்பான இடத்துக்குப் போகிறது. இதற்கு மேல் மென்பொருள் வேறு, லென்ஸ் சரியாக நகர்ந்தது என்று நம்பிப் படத்தை வெட்டி ஒட்டி இன்னொரு முறை நிலைப்படுத்தும். இரண்டும் ஒத்துப்போகாதபோதுதான் நீங்கள் சொன்ன அந்த ஓரம் இழுபடும் அலை வருகிறது.

ஃபோகஸும் இதே மாதிரிக் காந்தச் சுருளில்தான் நகர்கிறது. சில போனில் நடுக்கத்தோடு ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைவதற்கு அதுதான் காரணம்.

வெறும் தகடு ஆகாதே என்று கேட்டீர்கள். பாதி ஆகும். இரும்பு தானாக இழுக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் காந்தப் புலத்தை வளைக்கும். கேமராவுக்குள் காந்தம் இருக்கிறதே, அதை ஒட்டி இரும்பு வைத்தால் அதன் புலமே மாறும். தினமும் நியோடிமியம் காந்தத்தில் ஒட்டி எடுக்கிற தகடு கொஞ்சம் காந்தம் ஏறியும் நிற்கும். ஒரு குண்டூசியைத் தகட்டின் முனையில் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் தெரிந்துவிடும்.

குளச்சல்காரரே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது மேப் காட்டும் போக்கு ஜிபிஎஸ்ஸில் இருந்து வருவது, அதைக் காந்தம் தொடாது. நிற்கும்போது காட்டும் அம்புதான் திசைகாட்டி. அதை நம்பித் திரும்பாதீர்கள், கடலில் போனைக் காந்தத்தில் வைக்கவே வேண்டாம். ரப்பர் கிளாம்ப் போதும்.

பேச்சிப்பாறை ரைடர்

என்னுடையதில் காந்தம் இல்லையே, அதற்கு என்ன பதில்?

கோணம் சர்வீஸ்

உங்களுடையது வேறு நோய், பார்க்க மட்டும்தான் ஒரே மாதிரி. பெரிய ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேரே போனுக்குப் போகிறது. தொங்கும் கம்பிகளும் சுருள்களும் அதிலேயே மணிக்கணக்காக ஆடினால் தேய்ந்து தளரும். ஆப்பிள் நிறுவனமே 2021-இல் இதைப் பற்றி எச்சரிக்கை போட்டிருந்தது: அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள்களில் போனை மாட்டினால் கேமராவின் தரம் குறையலாம், மொபெட், ஸ்கூட்டரில் வைப்பதானாலும் அதிர்வைத் தணிக்கும் மவுண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று. காந்தம் செய்வது பெரும்பாலும் தற்காலிகக் கெடுதல், எடுத்தால் போகும். அதிர்வு செய்வது போகாது.

பிரித்துப் பார்ப்பதற்கு நான் கடையில் செய்வதைச் சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். கவர், தகடு, ரிங் எல்லாம் கழற்றுங்கள். போனை ஒரு புத்தக அடுக்கில் சாய்த்து நிறுத்துங்கள், கையில் பிடிக்கக் கூடாது. இரும்பு மேசை, ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம். எதிரே சுவரில் தேதிக் காலண்டர் இருந்தால் நல்லது, கோடும் எழுத்தும் இருப்பதால் சின்ன அசைவும் தெரியும். வீடியோ பக்கத்தைத் திறந்து 1x-இல் கொஞ்ச நேரம் பாருங்கள், அப்புறம் 0.5x. பெரும்பாலான போன்களில் அகலக் கோண லென்ஸுக்கு இந்தத் தொங்கும் அமைப்பு கிடையாது, அதனால் அதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த லென்ஸ் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் ஒவ்வொன்றாக விரலால் மூடுங்கள், படம் இருண்டால் அதுதான். ரொம்பக் கிட்டே இருக்கும் பொருளை எடுத்தால் சில போன் தானாகவே அகலக் கோணத்துக்கு மாறிவிடும், அதனால் காலண்டர் ஐந்தாறு அடி தள்ளி இருக்கட்டும்.

1x நின்றால் கேமரா நல்லது. 0.5x நின்று 1x மட்டும் துடித்தால், எந்தக் காந்தமும் இல்லாதபோதும் துடித்தால், லென்ஸ் அமைப்பு போய்விட்டது.

தக்கலை கல்யாண வீடியோ

அண்ணாச்சி சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்கிறேன். கார் டேஷ்போர்டில் எடுத்த வீடியோ நடுங்கினால் அதையும் காந்தத்தின் தலையில் போடாதீர்கள். அந்த ஸ்டாண்டுகளுக்கு நீளமான கழுத்து இருக்கும், மார்த்தாண்டம் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கும்போது கழுத்து தனியாக ஆடும். போனுக்கு அது வேகமான அதிர்வு, கை நடுக்கத்தைச் சமாளிக்கச் செய்த அமைப்பு அதற்கு ஈடுகொடுக்காது. படம் ஜெல்லி மாதிரி நெளிவது சென்சார் வரி வரியாகப் படிப்பதால். காந்தத்தை எடுத்தாலும் அது இருக்கும்.

அப்புறம், செட்டிங்ஸில் ஸ்டெபிலைசேஷனை அணைத்தால் தீரும் என்று யாராவது சொன்னால், பல போனில் அது மென்பொருள் நிலைப்படுத்தலை மட்டும்தான் அணைக்கும். லென்ஸ் அதன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

தோவாளை பிச்சி

செய்து பார்த்துவிட்டேன், முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் குண்டூசி. தகட்டின் மேல் முனையில் வைத்ததும் ஒட்டி நின்றது. கீழ் முனையில் ஒட்டவில்லை.

பிறகு கவரைக் கழற்றி, புத்தக அடுக்கில் போனைச் சாய்த்து, காலண்டரைப் பார்க்க வைத்தேன். 1x-இல் கட்டங்கள் அப்படியே நின்றன. 0.5x-உம் அப்படியே. அதே இடத்தில் வைத்து, தகடு உள்ள கவரை மாட்டினேன். 1x-இல் முழுப் படமும் ஒரு நூல் அளவு பக்கவாட்டில் தள்ளிப்போய், உடனே மெல்லத் துடிக்க ஆரம்பித்தது. தேதி எண்களின் ஓரம் இரண்டாகத் தெரிந்தது. 0.5x-இல் ஒன்றும் இல்லை. கவரை எடுத்ததும் 1x தன் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது.

தம்பி ஸ்டாண்டைக் கையில் எடுத்துப் போனின் பின்பக்கத்திலிருந்து மெதுவாகக் கிட்டே கொண்டுவந்தான். ஒரு சாண் தள்ளி இருக்கும்வரை எதுவும் தெரியவில்லை. நாலு விரல் தூரத்துக்கு வந்ததும் திரையில் காலண்டர் ஊர்ந்து ஒரு பக்கமாக நகர்ந்தது. போன் அசையவில்லை, காலண்டரும் அசையவில்லை. அதைப் பார்த்ததும் அதற்கு மேல் கிட்டே கொண்டுபோக வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

கேமரா மாற்றவில்லை. மறுநாள் சந்தையில் தகடு இல்லாமல் எடுத்த வீடியோவில் அரளி மொட்டின் நுனிகூட எண்ணலாம் போலத் தெரிந்தது, கொல்லத்துக்காரர் உடனே விலை சொன்னார்.

இப்போது கேள்வி: தகட்டைக் கவரின் அடிப்பகுதிக்கு மாற்றினால் போதுமா, அல்லது ஸ்டாண்டையே விட வேண்டுமா?

கோணம் சர்வீஸ்

அந்தப் படம் ஊர்ந்து நகர்ந்தது, அதுதான் சரியான அடையாளம். லென்ஸைக் காந்தம் இழுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். கிட்டே கொண்டுபோகாமல் நிறுத்தியதும் நல்லது.

சின்னக் காந்தத்தின் புலம் தூரத்தில் மிக வேகமாகக் குறையும். தள்ளிப் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் பலம் கிட்டத்தட்ட எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் தகட்டைக் கீழே இறக்குவது பெரிய வித்தியாசம் செய்யும். நீளத் தகட்டை விட்டுவிட்டு, பெட்டியில் கூடவே வரும் சின்ன வட்டத் தகட்டைப் போடுங்கள், கேமராவிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ தள்ளி. போட்டதும் அதே காலண்டர் சோதனையை ஸ்டாண்டில் ஒட்டிய நிலையிலும் செய்யுங்கள், தகடு மட்டும் இருக்கும்போதும் செய்யுங்கள். ஒயர் இல்லாமல் சார்ஜ் போடும் போன் என்றால் நடுவில் தகடு வைக்கக் கூடாது, சூடாகும், சார்ஜும் ஏறாது.

போனுக்குள்ளேயே காந்த வளையம் வைத்து வரும் மாடல்களில் அந்த வளையத்தின் இடத்தை கேமராவையும் கணக்கில் வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். கடையில் கிடைக்கிற ஒட்டு வளையத்துக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

வடசேரி ஸ்டூடண்ட்

சரி அண்ணாச்சி, கைரோவும் திசைகாட்டியும் வேறு என்பது புரிந்தது. ஆனால் வீடியோ எடுக்கும்போது போனை ஆடாமல் பிடிக்க என் நண்பன் வைத்திருக்கும் கிம்பலிலும் காந்தக் கிளிப்தான், அவன் வீடியோ நன்றாக வருகிறதே?

தக்கலை கல்யாண வீடியோ

தம்பி, கிளிப் போனின் நடுவில் பிடிக்கிறது, கேமரா மூலையில் இருக்கிறது. பெரிய போனில் அந்த இடைவெளி போதுமானது. சின்னப் போனில் எனக்கே ஒருமுறை ஃபோகஸ் அலைந்தது, கிளிப்பைக் கொஞ்சம் கீழே தள்ளியதும் நின்றது. எந்தப் போனுக்கு எவ்வளவு இடைவெளி என்று பொதுவாகச் சொல்ல முடியாது, காலண்டரில் பார்த்தால்தான் தெரியும்.

பேச்சிப்பாறை ரைடர்

நானும் காலண்டர் பார்த்தேன். 0.5x நிற்கிறது. 1x துடிக்கிறது, அந்த 'ர்ர்ர்' சத்தமும் அப்போதுதான் வருகிறது. 0.5x-க்கு மாற்றினால் சத்தம் நின்றுவிடுகிறது. கவர்கூட இல்லை. அப்படியென்றால் மாற்றத்தான் வேண்டுமா?

கோணம் சர்வீஸ்

ஆமாம், உங்களுடையதில் மாற்ற வேண்டியதுதான். லென்ஸ் தன் இடத்தைப் பிடிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதுதான் அந்தச் சத்தம். கேமராவை முழுத் தொகுதியாகத்தான் மாற்றுவோம், லென்ஸ் அமைப்பை மட்டும் சரி செய்ய முடியாது. ஒரிஜினல் பாகம் கேட்டு வாங்குங்கள். சில போனில் வேறு பாகம் போட்டால் படம் வரும், ஆனால் நிலைப்படுத்தல் பழையபடி வேலை செய்யாது. மாற்றிய பிறகு புல்லட்டில் மேப்புக்கு ஒரு பழைய போனை வையுங்கள், வீடியோவுக்கு லென்ஸ் நகராத ஆக்‌ஷன் கேமரா வாங்குங்கள். அதிர்வு தணிக்கும் மவுண்ட் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். குறைக்கும், அவ்வளவுதான். கோதையாறு ரோட்டில் அதை நம்பிப் புதுக் கேமராவை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

தோவாளை பிச்சி

வட்டத் தகட்டைக் கீழே ஒட்டிப் பார்த்தோம். தகடு மட்டும் இருக்கும்போது காலண்டர் அசையவே இல்லை, ஸ்டாண்டில் ஒட்டினாலும் இல்லை. ஆனால் தம்பி முதலில் சொன்னதும் உண்மைதான்: ஆரல்வாய்மொழிப் பக்கம் போகும்போது போன் தலைகுப்புறச் சாய்கிறது. ஆகவே காரில் இரண்டு பக்கமும் பிடிக்கும் கிளாம்ப் வாங்கியாயிற்று, தகட்டை எடுத்துவிட்டோம்.

ஒன்று மட்டும் மிச்சம். சாயங்காலம் 3x-இல் வைத்து எடுத்தால் தகடு இல்லாதபோதும் சில நேரம் லேசாக ஆடுகிறது, பகலில் இல்லை. விரலால் மூடிப் பார்த்தேன், சாயங்காலம் 3x-இல் ஓடுவது பெரிய லென்ஸ்தான், பகலில் மற்றது.

கோணம் சர்வீஸ்

வெளிச்சம் குறைந்தால் பல போன் அப்படித்தான் மாற்றிக்கொள்ளும், பெரிய லென்ஸின் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டும். பெரிதாக்கும்போது கை ஆட்டமும் பெரிதாகத் தெரியும், அதுவாக இருக்கலாம். தகடு இருந்த நாட்களில் லென்ஸ் அமைப்பில் ஏதாவது ஆகியிருக்கிறதா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. சாயங்காலம் அதே புத்தக அடுக்கில் வைத்து, கை படாமல் 3x-இல் எடுத்து வீடியோவை இங்கே போடுங்கள். அப்போதும் ஆடினால் போனைக் கொண்டு வாருங்கள், திறந்து பார்க்காமல் எதையும் மாற்ற மாட்டேன்.